மீந்த ஜாக்கெட்டுக்கு என்ன விலை?

ஆடித் தள்ளுபடி வரும் என்று தெரிந்தால் ஆனியில் யாரும் துணிக்கடைப் பக்கம் போவதில்லை. அடிக்கடி விலையைக் குறைக்கும் எந்த பிராண்டுக்கும் இதுதான் நடக்கும். முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்கூடக் காத்திருக்கப் பழகிவிடுவார். அதற்காகக் குறைக்காமலே இருக்கவும் முடியாது. சீசன் முடிந்தபின் மீந்த சரக்கில் பணம் முடங்கிக் கிடந்தால் அடுத்த சீசனுக்கு நூல் வாங்கக் கையில் காசிருக்காது.

திருப்பூரில் ஒருவர் சொந்த பிராண்டில் குளிர்கால ஜாக்கெட் தைத்து டெல்லி, லக்னோ கடைகளுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜாக்கெட்டின் அடக்கவிலை 1,100 ரூபாய், எம்.ஆர்.பி. 3,299. தைத்த ஆயிரத்தில் டிசம்பர் கடைசியில் 400 மிச்சம். குளிர் இன்னும் ஆறு வாரம்தான் இருக்கும்.

முதல் வேலை, அந்த 400ஐப் பிரிப்பது. கறுப்பும் நேவி புளூவும் வருடா வருடம் விற்கும் நிறங்கள். அவை 120 இருந்தால் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. அவை எப்போதும் ஒரே விலையில் நிற்பதுதான் பிராண்டுக்கு மதிப்பு. கடுகு மஞ்சள், பாசிப்பச்சை போன்ற இந்த ஆண்டு நிறங்களில் மீந்த 280க்கு மட்டுமே தள்ளுபடி. அவற்றிலும் ஒரு கடையில் 'எஸ்'ஸும் 'டபுள் எக்ஸ்எல்'லும் மட்டும் மிஞ்சியிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் போகாது. வாங்க வருபவருக்கு வேண்டிய அளவு அங்கே இல்லை என்பதே காரணம். சிதறிக் கிடப்பதைத் திரட்டி, எல்லா அளவும் சேரும்படி இரண்டு மூன்று கடைகளில் வைத்துவிட்டுத்தான் விலையைத் தொட வேண்டும்.

எவ்வளவு குறைப்பது என்பதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், வரிக்கு முந்தைய விலை 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 3,299க்கு விற்றால் வரி போக 2,796 ரூபாய் கைக்கு வரும். பதினைந்து சதவீதம் குறைத்து 2,799 என்று வைத்தால் 2,372 வரும். இன்னும் இருநூறு குறைத்து 2,599 என்று வைத்துப் பாருங்கள். வரி 5 சதவீதமாக இறங்கிவிடுவதால் 2,475 வருகிறது! வாங்குபவருக்கும் லாபம், விற்பவருக்கும் நூறு ரூபாய் கூடுதல். வரியோடு சேர்த்து 2,625க்கும் 2,950க்கும் இடையில் எந்த விலை வைத்தாலும் அது நஷ்ட விலைதான். ஒன்றை மறக்கக் கூடாது: தள்ளுபடி பில்லிலேயே இருக்க வேண்டும். பிறகு கேஷ்பேக்காகக் கொடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

ஆகவே முதல் மூன்று வாரம் 2,599. இந்த நிறங்கள் வாரம் 15 போய்க்கொண்டிருந்தால், இப்போது 35 ஆவது போக வேண்டும். ஒரு வாரத்தில் விற்பனை இரட்டிக்காத நிறத்துக்கு மட்டும் அடுத்த குறைப்பை முன்னால் கொண்டுவரலாம். அதற்கு முன்னால், அளவு தீர்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த மூன்று வாரம் 1,999. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன்பின் கடையில் மூன்றாவது விலை இல்லை.

இதில் 110 முதல் விலையிலும் 120 இரண்டாம் விலையிலும் போனால், மிச்சம் 50. அதை லேபிளை வெட்டிவிட்டு, காதர்பேட்டை போன்ற சந்தையில் லாட்டாகக் கொடுக்கலாம். 600 ரூபாய்தான் கிடைக்கிறதென்றாலும் கொடுத்துவிடுவது நல்லது. எல்லாம் சேர்த்து வருவது சுமார் 5.3 லட்சம். பதற்றத்தில் முதல் நாளே பாதி விலை என்று போர்டு வைத்திருந்தால், 280ம் முழுதாக விற்றாலும் 4.4 லட்சம்தான்.

மனக்கசப்பு வரும் இடம் ஒன்று உண்டு. தள்ளுபடிக்கு நாலு நாள் முன்பு முழு விலை கொடுத்தவர், 700 ரூபாய் ஏமாந்ததாகவே நினைப்பார். கடைசிப் பத்து நாளில் வாங்கி, பில்லோடு வந்து கேட்பவருக்கு அந்த வித்தியாசத்தை அடுத்த கொள்முதலில் கழித்துக் கொடுக்கலாம். டீலரிடம் கிடக்கும் சரக்குக்கும் அதே நியாயம்தான்: குறைத்த தொகைக்கு கிரெடிட் நோட் கொடுக்காமல் ஆன்லைனில் மட்டும் விலையைக் குறைத்தால், அடுத்த ஆண்டு அவர் ஆர்டர் தர மாட்டார்.

குறைக்காமல் எடுத்து வைத்த அந்த 120 ஜாக்கெட்டும் ஈரம் படாமல் பொதிந்து வைக்க வேண்டியவை. அடுத்த சீசனுக்கு வெட்டுக்கு அனுப்பும் கறுப்பு, நேவி எண்ணிக்கையில் அந்த 120ஐ மறக்காமல் கழித்துவிடுங்கள்.