முந்திச் சொன்ன எண், பிந்திச் சொன்ன கோடு

2020 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 3,386 புள்ளிகளில் முடிந்தது. அதுவரை அது தொட்ட உயரங்களிலேயே அதுதான் உச்சம். மார்ச் 23 அன்று அதே குறியீடு 2,237-ல் நின்றது. ஐந்து வாரம் நிறைவதற்குள் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு கரைந்துபோயிருந்தது. கொரோனா அச்சம் உலகச் சந்தைகள் அனைத்தையும் உலுக்கிய நேரம் அது.

பங்குச் சந்தை செயலி எதைத் திறந்தாலும் விலைப்படத்தோடு இரண்டு கருவிகள் கட்டாயம் இருக்கும். ஒன்று, விலையை ஒட்டி வளைந்து ஓடும் மூவிங் ஆவரேஜ் கோடு. இன்னொன்று, படத்துக்குக் கீழே 0-க்கும் 100-க்கும் நடுவே ஏறி இறங்கும் ஆர்.எஸ்.ஐ. அடுத்து விலை எங்கே போகும் என்று இவற்றைப் பார்த்துச் சொல்லலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த ஐந்து வாரத்தில் இவை இரண்டும் என்ன சொல்லின என்று பார்த்தால், இவற்றின் பலமும் பலவீனமும் ஒருசேரப் புரியும்.

முதலில் ஆர்.எஸ்.ஐ. ஜே. வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-ல் வெளியிட்ட நூலில் இதை அறிமுகப்படுத்தினார். கணக்கு எளிமையானது. கடந்த 14 வர்த்தக நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு அதில் 9 நாட்கள் ஏறியது, ஏறியதெல்லாம் சேர்ந்து 42 ரூபாய். 5 நாட்கள் இறங்கியது, இறங்கியதெல்லாம் சேர்ந்து 14 ரூபாய். ஏற்றமும் இறக்கமுமாக மொத்த அசைவு 56 ரூபாய். அதில் ஏற்றத்தின் பங்கு 42, அதாவது 75 சதவீதம். ஆர்.எஸ்.ஐ. 75. செயலிகள் பழைய நாட்களின் பாதிப்பு மெல்லக் குறையும்படி இதைக் கொஞ்சம் மெருகேற்றிக் கணக்கிடும் என்றாலும் அடிப்படை இவ்வளவுதான்.

70-ஐத் தாண்டினால் 'ஓவர்பாட்', அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், இனி இறங்கும் என்பார்கள். 30-க்குக் கீழே போனால் 'ஓவர்சோல்ட்', அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள், இனி ஏறும் என்பார்கள். 2020 பிப்ரவரி 28 அன்று எஸ் அண்ட் பி 2,954-ல் முடிந்தபோது ஆர்.எஸ்.ஐ. 30-க்குக் கீழே இருந்தது. விதியை அப்படியே நம்பியவர் அன்று வாங்கியிருப்பார். அதற்குப் பிறகும் குறியீடு 24 சதவீதம் இறங்கியது.

எண் பொய் சொல்லவில்லை. கடந்த 14 நாட்களில் இறக்கமே ஓங்கியிருந்தது என்று அது சொன்னது உண்மை. 'ஆகவே இனி ஏறும்' என்பது அந்தக் கணக்கில் எங்கும் இல்லாத, நாம் ஒட்டவைத்த முடிவு. அமைதியான சந்தையில், விலை ஒரு எல்லைக்குள்ளேயே மேலும் கீழும் அலையும்போது, அந்த முடிவு பெரும்பாலும் பலிக்கும். அதனால்தான் விதியின் மீது நம்பிக்கை வளர்கிறது. ஆனால் வலுவான காரணத்தோடு வரும் வீழ்ச்சியில் ஆர்.எஸ்.ஐ. 30-க்குக் கீழேயே வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கலாம். வலுவான ஏற்றத்தில் 70-க்கு மேலேயே உட்கார்ந்திருக்கலாம். விலை எவ்வளவு சரிந்தாலும் எண் 0-க்குக் கீழே போக முடியாது என்பதால், 25-லிருந்து 20-க்கு வருவதற்குள் பணத்தில் எவ்வளவு போகும் என்பதை அது காட்டுவதில்லை.

இனி மூவிங் ஆவரேஜ். கடைசி 50 நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 50-ஆல் வகுத்தால் அன்றைய சராசரி. மறுநாள் புதிய விலை ஒன்று உள்ளே வரும், மிகப் பழையது வெளியே போகும். இப்படி நாள்தோறும் நகர்வதால் அது நகரும் சராசரி. தினசரிக் குலுக்கல்களைச் சமன்செய்து போக்கை மட்டும் காட்டுவது இதன் வேலை. 50 நாள் சராசரி 200 நாள் சராசரியைக் கீழிருந்து மேலாக வெட்டினால் 'கோல்டன் கிராஸ்', வாங்கு. மேலிருந்து கீழாக வெட்டினால் 'டெத் கிராஸ்', விற்றுவிடு.

எஸ் அண்ட் பி-யில் டெத் கிராஸ் விழுந்த நாள் 2020 மார்ச் 30. அதாவது அடிமட்டத்தைத் தொட்டு ஒரு வாரம் கழிந்த பிறகு. குறியீடு அதற்குள் 17 சதவீதம் மீண்டு 2,627-க்கு வந்திருந்தது. கோல்டன் கிராஸ் வந்தது ஜூலை 9 அன்று, குறியீடு 3,152-ல் இருந்தபோது. விதிப்படி நடந்தவர் 2,627-க்கு விற்று 3,152-க்குத் திரும்ப வாங்கியிருப்பார். விற்ற விலையைவிட 20 சதவீதம் அதிகம் கொடுத்து அதே பொருளை வாங்கிய கதை.

இவ்வளவு தாமதம் ஏன்? அடிமட்டமான மார்ச் 23 அன்று 50 நாள் சராசரிக்குள் இருந்தவை ஜனவரி 10 முதல் அன்று வரையிலான விலைகள். அந்த 50-ல் 27 நாட்கள், வீழ்ச்சி தொடங்குவதற்கு முந்தைய நாட்கள். பாதிக்கு மேல் நல்ல காலத்து விலைகளைச் சுமந்திருக்கும் ஒரு கணக்கு, கெட்ட காலத்தை எப்படி உடனே சொல்லும்? விலை நாளுக்கு ஒரு ரூபாய் சீராக ஏறிக்கொண்டே இருந்தால் 50 நாள் சராசரி அதற்கு 24 ரூபாய் 50 காசு பின்னால் வரும், 200 நாள் சராசரி 99 ரூபாய் 50 காசு பின்னால் வரும். கணக்கின் இயல்பே அது.

தாமதத்தைக் குறைக்க, சராசரிகள் வெட்டிக்கொள்ளும் வரை காத்திருக்காமல், விலை 200 நாள் சராசரிக்குக் கீழே போனதுமே விற்கலாமே என்று தோன்றும். அதையும் அந்த நாட்களிலேயே சோதிக்கலாம். பிப்ரவரி 27 அன்று 2,979-ல் விலை கோட்டுக்குக் கீழே போனது: விற்பனை. மார்ச் 2 அன்று 3,090, மேலே வந்துவிட்டது: வாங்கு. மறுநாள் 3,003, கீழே: விற்பனை. அதற்கு மறுநாள் 3,130, மேலே: வாங்கு. மார்ச் 5 அன்று 3,024, மீண்டும் விற்பனை. நான்கே நாளில் இரண்டு முறை உயரத்தில் வாங்கித் தாழ்வில் விற்று, 193 புள்ளிகள் நட்டம். வர்த்தகர்கள் இதை 'விப்சா' என்பார்கள். தாமதத்தைக் குறைத்தால் பொய் எச்சரிக்கை கூடும், பொய் எச்சரிக்கையைக் குறைத்தால் தாமதம் கூடும். 200-ஐ 100 ஆக்கினாலும், அண்மை நாட்களுக்குக் கூடுதல் எடை தரும் எக்ஸ்போனென்ஷியல் சராசரிக்கு மாறினாலும், இந்த இழுபறியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறோமே தவிர, அதிலிருந்து வெளியே வருவதில்லை.

இருந்தும் இதே விதி ஒருமுறை பிரமாதமாக உழைத்தது. 2007 டிசம்பரில், குறியீடு 1,480-ஐ ஒட்டி இருந்தபோது டெத் கிராஸ் வந்தது. அடுத்த கோல்டன் கிராஸ் 2009 ஜூனில், குறியீடு 900-க்குச் சற்றுக் கீழே இருந்தபோது. இடைப்பட்ட காலத்தில் வெளியே நின்றவர் 40 சதவீத வீழ்ச்சியிலிருந்து தப்பினார். வேறுபாடு விதியில் இல்லை, வீழ்ச்சியின் வேகத்தில். 2008-ன் நெருக்கடி ஓராண்டுக்கு மேல் இழுத்தது. தாமதமாக வந்த எச்சரிக்கைக்குப் பிறகும் விழ வேண்டிய தூரம் நிறைய இருந்தது. 2020-ல் எல்லாம் ஐந்து வாரத்தில் முடிந்துவிட்டது. வரப்போவது இழுத்தடிக்கும் வீழ்ச்சியா, இடிபோல் விழுந்து எழும் வீழ்ச்சியா என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் விதி பயன்படும். அது தெரிந்தவருக்கு விதியே தேவையில்லை.

இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். சராசரி, போக்கு தொடரும் என்கிறது. ஆர்.எஸ்.ஐ., போக்கு திரும்பும் என்கிறது. எந்த நாளை எடுத்தாலும் இரண்டில் ஒன்று பின்னால் சரியாகிவிடும். பழைய விலைப்படத்தைக் காட்டி 'இதோ பாருங்கள், இண்டிகேட்டர் அப்போதே சொன்னது' என்பவர்களுக்கு எடுத்துக்காட்டு ஒருநாளும் தீர்ந்துபோகாதது இதனால்தான்.

ஆய்வாளர்களும் இதே முடிச்சில்தான் வந்து நின்றார்கள். பிராக், லகோனிஷோக், லெபரான் ஆகிய மூவர் 1992-ல் டௌ ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான விலைகளில் நகரும் சராசரி விதிகளைச் சோதித்து, 'வாங்கு' நாட்களுக்குப் பின் வந்த லாபம் 'விற்றுவிடு' நாட்களுக்குப் பின் வந்ததைவிட அதிகம் என்று காட்டினார்கள். ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். 1999-ல் சல்லிவன், டிம்மர்மன், வைட் ஆகியோர் வேறொரு கேள்வி கேட்டார்கள்: ஆயிரக்கணக்கான விதிகளைப் போட்டுப் பார்த்தால் தற்செயலாகவே சில நன்றாகத் தெரியுமே, அதைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? அவர்கள் 7,846 விதிகளை எடுத்துக்கொண்டார்கள். பழைய காலத்தில் முதலிடம் பெற்ற விதி அந்தக் கழிவையும் தாங்கியது. ஆனால் அதற்குப் பிந்தைய பத்தாண்டில், 1987 முதல் 1996 வரை, அது சாதிக்கவில்லை.

14, 70, 30, 50, 200 என்ற எண்கள் இயற்கை விதிகள் அல்ல, வழக்கத்தில் நிலைத்தவை. 14-ஐ 9 ஆக்கி, 30-ஐ 25 ஆக்கி, பழைய விலைகளுக்கு அழகாகப் பொருந்தும்வரை ஒருவர் திருகிக்கொண்டே இருக்கலாம். அப்படிக் கிடைப்பது நேற்றைய விலைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அது நாளைக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. போதாக்குறைக்கு, ஒரு விதி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்ததும் எல்லோரும் அந்த விலைக்கு முன்பாகவே முந்துவார்கள். ஆதாயம் அங்கேயே காலியாகிவிடும்.

அப்படியானால் இவற்றைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். ஆர்.எஸ்.ஐ. 80 என்றால், கடந்த சில வாரம் ஒருபக்கமாகவே ஓடியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. விலை 200 நாள் சராசரிக்கு வெகு மேலே இருந்தால், இப்போது நுழைபவர் கடந்த ஓராண்டின் பெரும்பகுதியில் கிடைத்த விலையைவிட அதிகம் கொடுக்கிறார் என்று தெரிகிறது. நடந்ததைச் சுருக்கிச் சொல்லும் வேலைக்கு இரண்டும் நல்ல கருவிகள்.

ஆனால் யாராவது இவற்றை வைத்து நாளையைச் சொல்வதாகச் சொன்னால், மூன்றைக் கேட்க வேண்டும். காட்டிய ஒரு படம் தவிர, இதே விதி தந்த எல்லா எச்சரிக்கைகளின் கணக்கு எங்கே? விதியை உருவாக்கியபோது பார்க்காத ஆண்டுகளில் அது எப்படி நடந்துகொண்டது? புரோக்கர் கட்டணமும், நம் ஊரில் டெலிவரிக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் போகும் எஸ்.டி.டி.யும், ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்தில் 20 சதவீத வரியும் கழித்த பிறகு, சும்மா வாங்கி வைத்திருந்தவரைவிட எவ்வளவு மிஞ்சியது? இந்த மூன்றுக்கும் எண்களோடு பதில் வராவிட்டால், அந்தப் பேச்சை நம்பிப் பணம் போட வேண்டியதில்லை.