சுவரைத் தொடாமல் கூடத்தை மாற்றலாம்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் இரண்டு நிபந்தனைகள் அநேகமாகக் காதில் விழும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கிற செலவுக்கு அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம். 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் 11 மாத ஒப்பந்தங்கள் பலவற்றில் வேறு விதமாகத்தான் எழுதியிருக்கும். இந்த நிலையில் குடியிருப்பவர் தன் விருப்பத்துக்கு ஒரு நிறம் அடித்தால் அடிக்கிற செலவும் அவருடையது, போகும்போது பழையபடி ஆக்கித் தருகிற செலவும் அவருடையது. இரண்டையும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

துணிக்குப் போட்ட பணம் அப்படி அல்ல. சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு ஜமக்காளம், சோபா மேல் விரிக்க ஒரு போர்வை, நாலு குஷன் இருந்தால் போதும். அவற்றை எந்த நிறத்தில், எந்த அளவில் எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தால் மங்கிப்போன சுவர்கூட வேறு மாதிரி தெரியும்.

சுவர் மாறாமல் அதன் நிறம் மட்டும் எப்படி மாறித் தெரியும்? இதற்கு விடை சொன்னவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோல். பாரிஸில் திரைச்சீலைகள் நெய்யும் புகழ்பெற்ற கோபலான் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். சில கறுப்பு நூல்கள் நெய்த பிறகு அழுத்தமில்லாமல் வெளிறித் தெரிவதாக அங்கே புகார் இருந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றிக்கொண்டிருந்தது. ஒட்டியிருக்கும் இரண்டு நிறங்கள் கண்ணுக்கு ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் என்பதை 1839இல் வெளியிட்ட நூலில் அவர் விரிவாக விளக்கினார்.

வாடகை வீடுகளில் அதிகம் காணப்படும் க்ரீம் நிறச் சுவருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். க்ரீம் என்பது வெளிர் மஞ்சள்தான். அதை ஒட்டிப் பளிச்சென்ற வெள்ளைத் துணியை வைத்தால் சுவர் அழுக்கு மஞ்சளாகத் தெரியும். நீலத்தை வைத்தால் மஞ்சள் இன்னும் கூடித் தெரியும். சுவரைவிட அழுத்தமான கடுகு மஞ்சளையோ மஞ்சள் கலந்த பழுப்பையோ வைத்தால் மஞ்சளுக்கு உரிய இடத்தை அந்தத் துணி எடுத்துக்கொள்ள, சுவர் வெளுத்துச் சுத்தமாகத் தெரியும். வீட்டைப் பளிச்சென்று ஆக்கப் பலரும் முதலில் வெள்ளைத் துணி வாங்குவார்கள். பழைய க்ரீம் சுவரின் முன் அது எதிர்விளைவைத்தான் தரும்.

இனி ஒரு கூடத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். அகலம் 10 அடி, நீளம் 14 அடி. க்ரீம் சுவர். தரையில் பளபளக்கும் வெளிர் நிற விட்ரிஃபைடு டைல்ஸ். நீளச் சுவரை ஒட்டி 7 அடி நீளமுள்ள பழுப்பு ரெக்ஸின் சோபா, எதிரே டிவி. சென்னை அடுக்குமாடிகளில் இப்படிப்பட்ட கூடங்கள் ஏராளம்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்தத் துணி எதை ஒட்டி இருக்கிறது என்பது. விரிப்பு தரையோடு சேர்ந்து கண்ணில் படும், அது மாற்றுவது தரையை. சோபாவின் முதுகில் கிடக்கும் துணிதான் சுவரோடு சேர்ந்து கண்ணில் படும். ஆகவே சுவரை மாற்ற நினைப்பவர் யோசிக்க வேண்டியது சோபாத் துணியின் நிறத்தை.

முதலில் தரை. விரிப்பு வாங்குவதில் நடக்கும் பெரிய தவறு அளவில்தான். 3 அடிக்கு 5 அடி விரிப்பை டீப்பாய்க்குக் கீழே போட்டால் அது நாலு பக்கமும் டைல்ஸ் சூழத் தனியாகக் கிடக்கும், கூடம் இன்னும் சிறியதாகத் தெரியும். விரிப்பு சோபாவைவிட நீளமாக இருக்க வேண்டும், சோபாவின் முன்னங்கால்கள் அதன் மேல் நிற்க வேண்டும். நம் கூடத்துக்கு 6 அடிக்கு 9 அடி சரியாக இருக்கும். 9 அடியைச் சோபாவின் நீளவாட்டில் விரித்தால் இருபுறமும் ஓர் அடி வெளியே தெரியும். 6 அடிப் பக்கத்தில் ஓர் அடி சோபாவுக்கு அடியில் போய்விடும், எதிரே டிவி ஸ்டாண்டுக்கு 2 அடி மிஞ்சும். வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்குத் தரையில் பரப்பிப் பார்ப்பது நல்லது. வாசற்கதவு இடிக்கிறதா, நடக்கிற வழியில் ஓரம் வந்து காலைத் தடுக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எந்த விரிப்பு? சென்னையின் ஈரக்காற்றில் அடர்ந்த ரோமக் கம்பளம் தூசியையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும், வீட்டில் துவைக்கவும் முடியாது. சணல் விரிப்பு பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் கொட்டினால் கறை படியும், காயாமல் இருந்தால் முடைநாற்றம் வரும். தட்டையாக நெய்த பருத்தி ஜமக்காளம்தான் இந்த ஊருக்குத் தோதானது. தடிமன் குறைவு என்பதால் கதவு அதன் மேல் உரசாமல் போகும், வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். ஈரோடு மாவட்டத்து பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்தது ஒரு வகை, செயற்கைப் பட்டு நூல் கலந்து கரையில் வேலைப்பாடு வைத்தது இன்னொரு வகை. தினமும் மிதிபடும் கூடத்துக்குப் பருத்திதான் பொருத்தம். பட்டைகள் கூடத்தின் அகலவாட்டில் ஓடும்படி விரித்தால் குறுகலான கூடம் சற்று அகன்று தெரியும்.

வழுவழுப்பான டைல்ஸ் மேல் ஜமக்காளம் வழுக்கும். சோபாவின் கால்கள் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாலும் மறு பக்கம் நகரும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. வலைபோல் இருக்கும் வழுக்காத ரப்பர் ஷீட் கடைகளில் கிடைக்கிறது. அதை விரிப்பைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக வெட்டி அடியில் போட்டால் வெளியே தெரியாது. மாதம் ஒருமுறையாவது அதை எடுத்து உதற வேண்டும், வெக்கையில் நாள்கணக்காகக் கிடந்தால் தரையில் ஒட்டித் தடம் விடும். மாப் போட்ட ஈரம் முழுதும் காய்ந்த பிறகுதான் ஜமக்காளத்தைத் திரும்ப விரிக்க வேண்டும். அடிப்பக்கம் கைக்குச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

அடுத்தது சோபா. இதற்குத் தனியாகத் தைத்த உறை தேவையில்லை. சென்னிமலையிலும் கரூரிலும் நெய்யும் ஒற்றைக் கட்டில் பெட்ஷீட், ஏறக்குறைய 60 அங்குலத்துக்கு 90 அங்குலம், மூன்று பேர் உட்காரும் சோபாவின் உட்காரும் பகுதிக்கும் சாய்மானத்துக்கும் போதும். 90 அங்குலம் நீளவாட்டில் போக, 60 அங்குலம் சாய்மானத்தின் உச்சியில் தொடங்கி இறங்கி, இருக்கையைக் கடந்து முன்பக்கம் தொங்கும். பின்பக்கமும் மறைய வேண்டுமென்றால் இரட்டைக் கட்டில் அளவு வாங்கலாம். ரெக்ஸின் மேல் துணி வழுக்கி, ஒருவர் எழுந்ததும் கசங்கிக் கிடக்கும். விரிப்புக்கு அடியில் போட்டதில் மிஞ்சிய ரப்பர் ஷீட் துண்டை இருக்கையில் போட்டு அதன் மேல் பெட்ஷீட்டை விரித்து, இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டிச் செருகிவிட்டால் துணி நகராது. நம் க்ரீம் சுவருக்கு முன் இந்தப் பெட்ஷீட் கடுகு மஞ்சளாக இருந்தால், ஷெவ்ரோல் சொன்னபடி, சுவர் வெளுக்கும். ஜமக்காளத்திலும் ஒரு மஞ்சள் பட்டை இருந்தால் தரையும் சோபாவும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும்.

நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்வது சரியாக வராது. கடையில் பொருந்திய இரண்டு நிறங்கள் வீட்டு ட்யூப்லைட்டில் பொருந்தாமல் போவது உண்டு. துண்டுத் துணியோ மாற்றித் தர ஒப்புக்கொண்ட துணியோ கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் சுவரோரம் வைத்துப் பார்க்க வேண்டும். சாயம் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நனைத்த வெள்ளைத் துணியை ஓரத்தில் வைத்துச் சில நிமிடம் அழுத்தினால், போகிற சாயம் அதில் இறங்கிவிடும்.

குஷனுக்குக் கடைக்கே போக வேண்டாம், அலமாரியில் பழைய பருத்திப் புடவை ஒன்று போதும். புடவையின் அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். 16 அங்குலக் குஷனின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமாக 32 அங்குலம் போனால் 14 அங்குலம் மிஞ்சுகிறது. அந்த மிச்சம் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விழும், ஆகவே ஜிப்பும் பொத்தானும் வேண்டாம். புடவையின் நீளத்தில் 17 அங்குலத்துக்கு ஒரு துண்டாகக் குறுக்கே வெட்டி, இரு கரைகளும் பின்பக்கம் வரும்படி மடித்து, மேலும் கீழும் இரண்டு தையல் போட்டால் ஓர் உறை முடிந்தது. கரை ஓரம் நெசவிலேயே பிரியாமல் முடிந்திருப்பதால் அதை மடித்துத் தைக்கத் தேவையில்லை. கரை முன்பக்கம் தெரிய வேண்டுமென்றால் மடிப்பைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். ஐந்தரை மீட்டர் புடவையில் 12 உறைகளுக்கு இடம் உண்டு. நைந்த இடங்களைக் கழித்தாலும் பாதி தேறும். இரு கைகளாலும் பிடித்து இழுக்கும்போது இழை விலகினால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், அல்லது உள்ளே பழைய வேட்டித் துணியை வைத்துத் தையுங்கள்.

உறையைவிட உள்ளே போகும் பஞ்சு மெத்தை இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 16 அங்குல உறைக்கு 18 அங்குல மெத்தை போட்டால்தான் மூலைகள் தொங்காமல் நிறைந்து நிற்கும். இலவம்பஞ்சு மென்மையானது, ஆனால் ஈரக்காற்றில் கட்டி தட்டும், அடிக்கடி வெயிலில் காய வைக்க வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சை அப்படியே துவைத்துக் காய வைக்கலாம். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு நாலு குஷனுக்கு மேல் வைத்தால் உட்காருகிறவர் அவற்றைத் தரையில்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

துணியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிந்தால் அதன் மேல் துணி தொங்கவிடக் கூடாது, சோபாவையும் அதை ஒட்டி வைக்கக் கூடாது. காற்றுப் படாத ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் துணியும் கெடும், மூச்சும் பாதிக்கும். அந்தச் சுவரைப் புகைப்படம் எடுத்துத் தேதியோடு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் கணக்குப் பேசும்போது அது உதவும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் ஜமக்காளம், அதைப் பார்த்துச் சோபாத் துணி, இரண்டையும் பார்த்துக் குஷன். பவானியின் பெயரை வைத்து விசைத்தறியில் நெய்த விரிப்புகளும் சந்தையில் விற்கின்றன. கைத்தறிக்கென்றே சட்டம் ஒதுக்கிவைத்த துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அந்தப் பணம் தறியில் உட்கார்ந்தவருக்குப் போய்ச் சேரட்டும்.