வெளிச்சுவருக்கு ஒரு வேகம், உள்ளே வேறு வேகம்

3டி பிரிண்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி, “இதை இன்னும் வேகமாக ஓட்ட முடியாதா?” என்பதுதான். உள்ளங்கை அளவுப் பொருளுக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது. எந்திரத்தின் திரையில் வேகத்தை 100 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கு ஏற்றினால் நேரம் குறையும், ஆனால் பொருளின் முகமும் கெட்டுப்போகும். திரையில் இருக்கும் அந்த எண் எல்லாவற்றையும் ஒரே கோலால் அடிக்கிறது. அதைத் தொடாமல் ஸ்லைசர் மென்பொருளுக்குள் போனால், பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம். எங்கே வேகம் கூட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பொருளை வைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பரிசுக் கோப்பைக்கு அடியில் வைக்கும் ஒரு பீடம். 60 மில்லிமீட்டர் சதுரம், 40 மில்லிமீட்டர் உயரம். 0.4 மி.மீ. நாசில், பிஎல்ஏ பிளாஸ்டிக், அடுக்கு உயரம் 0.2 மி.மீ. அதாவது மொத்தம் 200 அடுக்குகள். நாசில் போடும் கோட்டின் அகலம் 0.45 மி.மீ. சுற்றிலும் இரண்டு கோடுகள்: வெளியே தெரிவது வெளிச்சுவர், அதை ஒட்டி உள்ளே இருப்பது உட்சுவர். நடுவில் 15 சதவீத அடர்த்தியில் இன்ஃபில் என்கிற குறுக்குக் கோடுகள். அடியில் நான்கு அடுக்குகளும் மேலே ஐந்து அடுக்குகளும் இடைவெளி இல்லாமல் நிரம்பியவை. அந்த ஐந்தில் கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்பு, கடைசி அடுக்கு ஒன்றே.

இதில் நாசில் எங்கே எவ்வளவு தூரம் நடக்கிறது? வெளிச்சுவர் அடுக்குக்கு 240 மி.மீ., 200 அடுக்குக்கு 48 மீட்டர். உட்சுவரும் ஏறக்குறைய அதே அளவு. மறைந்து கிடக்கும் நிரம்பிய அடுக்குகள் எட்டும் சேர்ந்து சுமார் 60 மீட்டர். மேல்பரப்பு வெறும் ஏழரை மீட்டர். இன்ஃபில் மட்டும் 214 மீட்டர்! யாரும் பார்க்கப்போகாத இடத்தில்தான் நாசில் அதிக தூரம் நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் நொடிக்கு 60 மி.மீ. வேகம் என்று வைத்து ஓட்டினால், நாசில் சும்மா இடம் மாறும் நேரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். அதில் 70 நிமிடம் இன்ஃபிலுக்கே போய்விடுகிறது. வெளிச்சுவருக்கு 15 நிமிடம். மேல்பரப்புக்கு இரண்டரை நிமிடம்.

இங்கே இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முடுக்கம். வேகம் என்பது நாசில் எட்டிப்பிடிக்கும் உச்சம். முடுக்கம் என்பது அந்த உச்சத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது, எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பது. பேருந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது நின்றுகொண்டிருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடும்போதுதான் பக்கத்து ஆள் மேல் போய் விழுகிறார். பிரிண்டரிலும் சட்டத்தையும் பெல்ட்டையும் உலுக்குவது இந்தத் திடீர் மாற்றம்தான்.

முடுக்கம் குறைவாக இருந்தால் என்ன நஷ்டம்? இன்ஃபில் கோடுகள் இந்தப் பீடத்தில் சராசரியாக 40 மி.மீ. நீளம்தான். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் நாசில் ஏறக்குறைய நின்று திரும்ப வேண்டும். வேகத்தை 120 ஆக்கிவிட்டு முடுக்கத்தை 500-லேயே விட்டுவிட்டால், 120-ஐத் தொடவே 14 மி.மீ. தூரம் ஓட வேண்டும். நிற்க இன்னொரு 14. கோட்டின் முக்கால் பாகம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். அப்படிப் பொருள் முழுக்க வீணாகும் நேரம் சுமார் 20 நிமிடம். முடுக்கத்தை 3000 ஆக்கினால் அது மூன்றரை நிமிடமாகச் சுருங்கும். “வேகத்தை இரட்டிப்பாக்கினேன், நேரம் அவ்வளவாகக் குறையவில்லையே” என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அப்படியானால் முடுக்கத்தை எல்லா இடத்திலும் 3000 ஆக்கிவிட்டால் என்ன? வெளிச்சுவரில் அதன் விலை தெரியும். மூலை திரும்பியதும் எந்திரம் அதிர்கிறது. அந்த அதிர்வு சுவரில் அலை அலையாகப் பதிந்து, மூலையிலிருந்து விலக விலக மங்கி மறைகிறது. பொறித்த எழுத்து இருந்தால், எழுத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் போல இன்னொரு விளிம்பு தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் தப்பாது. மூலைக்குப் பின்னால் தொடங்கி மங்கினால் அது அதிர்வு. சுவர் முழுக்க ஒரே சீராகக் கோடு விழுந்திருந்தால் காரணம் வேறு. பெல்ட், மோட்டார், கப்பி பக்கம் தேட வேண்டும், முடுக்கத்தைக் குறைத்துப் பயனில்லை.

இந்த அலைகளைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. அலைகளின் இடைவெளி என்பது வேகத்தை எந்திரத்தின் அதிர்வெண்ணால் வகுத்த எண். நொடிக்கு 40 முறை அதிரும் எந்திரத்தில் 60 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் அலைகள் ஒன்றரை மி.மீ. இடைவெளியில் விழும். வேகத்தை மட்டும் 30 ஆக்கினால் அலைகள் நெருங்கிவருமே தவிர, மறைந்துவிடாது. அலையின் உயரத்தைக் குறைப்பது பெரும்பாலும் முடுக்கத்தைக் குறைப்பதுதான். அதனால் சுவரில் நிழல் தெரிந்தால் நான் முதலில் தொடும் எண் வெளிச்சுவரின் முடுக்கம். வேகம் அதற்குப் பிறகு. தட்டு முன்னும் பின்னும் நகரும் வகை எந்திரங்களில், பொருள் வளர வளரத் தட்டின் எடையும் கூடுகிறது. அதனால் ஒரு பக்கச் சுவர் சுத்தமாகவும் அடுத்த பக்கச் சுவர் அலையோடும் வரலாம்.

இப்போது பீடத்துக்குத் திரும்புவோம். வெளிச்சுவரைத் தொடவில்லை: வேகம் 60, முடுக்கம் 500. உட்சுவருக்கும் மறைந்த நிரம்பிய அடுக்குகளுக்கும் வேகம் 100, முடுக்கம் 3000. இன்ஃபிலுக்கு 120, 3000. மேல்பரப்பை முன்பைவிடவும் மெதுவாக்கி 50, முடுக்கம் 1000. மொத்தம் சுமார் 70 நிமிடம். இரண்டு மணி நேர வேலையில் 50 நிமிடம் மிச்சம். அதில் 37 நிமிடம் இன்ஃபில் ஒன்றிலிருந்தே வந்தது. வெளியே தெரியும் பக்கங்களில் எதுவும் மாறவில்லை.

ஆசை விடாமல் வெளிச்சுவரையும் மேல்பரப்பையும் 120, 3000 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்காக நான்கு பக்கச் சுவரிலும் அலைகளை வாங்கிக்கொள்வது என் கணக்கில் மோசமான பேரம். மேல்பரப்பு இன்னும் தெளிவான விஷயம்: அதை 120-இலிருந்து 50-க்கு இறக்கினால் ஆகும் கூடுதல் நேரம் ஒன்றரை நிமிடம்தான். அந்த ஒன்றரை நிமிடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிகின்றன, இடையில் கீறல் போன்ற இடைவெளி விழுவதில்லை. சதுரத்தின் மூலைகளில் கோடுகள் மிகக் குட்டையாகி நாசில் துடித்துத் துடித்துத் திரும்பும். முடுக்கத்தைக் குறைத்தால் அங்கேயும் எந்திரம் நடுங்காது. ஆனால் மேல்பரப்பு தலையணை போலப் பொங்கியோ குழிவிழுந்தோ இருந்தால் வேகத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். அடியில் தாங்கும் இன்ஃபில் மிக அரிதாக இருக்கலாம், மேல் அடுக்குகள் இரண்டோ மூன்றோ மட்டும் இருக்கலாம், விசிறி போதாமல் இருக்கலாம்.

இன்ஃபிலுக்கு ஏன் 120-இல் நிறுத்தினேன், 200 போகக்கூடாதா? தடுப்பது மோட்டார் இல்லை, பிளாஸ்டிக்கை உருக்கும் ஹாட்எண்ட். கோட்டின் அகலம் 0.45, உயரம் 0.2, வேகம் 120 மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 10.8 கன மி.மீ. பிளாஸ்டிக் உருக வேண்டும். சாதாரண ஹாட்எண்டுகள் பொதுவாக 10 முதல் 12 கன மி.மீ. வரைதான் நன்றாக உருக்கும். 200 வேகத்துக்கு 18 வேண்டும். உருகாத இழையைத் தள்ள முயன்று எக்ஸ்ட்ரூடர் டிக் டிக் என்று தாவும். இன்ஃபில் கோடுகள் அறுந்து நார் நாராக நிற்கும். அந்த நொய்ந்த இன்ஃபிலின் மேல்தான் மேல்பரப்பு உட்கார வேண்டும் என்பதால், உள்ளே செய்த அவசரம் கடைசியில் வெளியே தெரிந்துவிடும்.

வேகங்களுக்கு இடையே வித்தியாசம் அளவுக்கு மீறினாலும் தொல்லை. இன்ஃபிலில் வேகமாக ஓடும்போது நாசிலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். உடனே 30 வேகத்தில் வெளிச்சுவரைத் தொடங்கினால், தேங்கிய அழுத்தம் ஒரு கணம் கூடுதல் பிளாஸ்டிக்கைத் தள்ளிச் சுவரில் சிறு பரு விழும். பட்டுப்போல் மின்னும் வகை இழைகளில் மெதுவாகப் போட்ட இடம் பளபளப்பாகவும் வேகமாகப் போட்ட இடம் மங்கலாகவும் தெரியும். அவற்றில் வெளிச்சுவரின் வேகம் அடுக்குக்கு அடுக்கு மாறாமல் இருப்பது முக்கியம்.

இந்தப் பிரிவினை மெதுவான பழைய எந்திரங்களுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். 2022-இல் வந்த பாம்பூ லேப் எக்ஸ்1, நொடிக்கு 500 மி.மீ. வேகமும் 20,000 முடுக்கமும் கொண்டது என்று விளம்பரமானது. அதிர்வை முன்கூட்டியே கணித்து ஈடுசெய்யும் வசதியும் அதில் உண்டு. ஆனாலும் அதன் வழக்கமான 0.2 மி.மீ. அமைப்பில் வெளிச்சுவருக்கு 200 வேகம், 5000 முடுக்கம். உட்சுவருக்கு 300 வேகம். மேல்பரப்புக்கு 2000 முடுக்கம்தான் வைத்திருக்கிறார்கள்.

பீடத்துக்குப் பதில் மெல்லிய சுவர் கொண்ட பேனா டப்பா என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதில் இன்ஃபிலே இருக்காது, நேரமெல்லாம் சுவரில்தான். சிறிய பொம்மைகளிலோ ஒவ்வொரு அடுக்கும் ஆறுவதற்காக ஸ்லைசரே வேகத்தைக் குறைத்துவிடும், நீங்கள் கொடுத்த எண்கள் எதுவும் செல்லாது. பிரூசா ஸ்லைசரும் ஆர்க்கா ஸ்லைசரும் முன்னோட்டத் திரையில் எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்று பிரித்தே காட்டுகின்றன. எதையும் மாற்றும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

எண்களை மாற்றிய பிறகு, ஸ்லைசர் எழுதும் கோப்பைத் திறந்தால் வெளிச்சுவர் தொடங்கும் இடத்திலும் இன்ஃபில் தொடங்கும் இடத்திலும் இப்படி மாறி மாறி வர வேண்டும்:

```
M204 P500
M204 P3000
```

கோப்பில் இவை இருந்தும் நிஜ நேரம் குறையவில்லை என்றால், எந்திரத்தின் உள்ளே இருக்கும் உச்சவரம்பு தடுக்கிறது என்று பொருள். மார்லின் மென்பொருளில் ஓடும் எந்திரங்களில் `M503` என்று அனுப்பினால் அந்த வரம்பு `M201` என்ற வரியில் தெரியும். அது 500 என்று இருந்தால், ஸ்லைசரில் 3000 என்று எழுதினாலும் எந்திரம் 500-இல்தான் ஓடும்.