கட்டிங் மாஸ்டர் ஏன் மறுபடி சொல்லவில்லை?

நம் ஊரில் எம்.பி.ஏ. என்றதும் நினைவுக்கு வருவது கேட் தேர்வும் அதன் மதிப்பெண்ணும்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய வணிகப் பள்ளிகள் மதிப்பெண்ணோடு கட்டுரைகளும் கேட்கின்றன. அவற்றில் பலரைத் திணறடிப்பது தோல்வியைப் பற்றிய கட்டுரை. பிரான்ஸில் உள்ள இன்சியாட் பள்ளி பல ஆண்டுகள் கேட்டுவந்த கேள்வி இது: நீங்கள் மிகவும் பெருமைப்படும் சாதனை ஒன்றைச் சொல்லுங்கள், தோற்றுப்போன சந்தர்ப்பம் ஒன்றையும் சொல்லுங்கள், இவை பிறரோடு உங்களுக்கு இருந்த உறவை எப்படி மாற்றின, என்ன கற்றுக்கொண்டீர்கள்? இத்தனையும் ஏறத்தாழ 400 சொற்களில். தோல்விக்குக் கிடைப்பது அதில் பாதி.

பள்ளிக்கூடம் முதல் வேலை வரை நன்றாகவே செய்துவந்தவர்கள்தான் பெரும்பாலும் இங்கே விண்ணப்பிக்கிறார்கள். இவர்களிடம் தோல்வியைக் கேட்டால் மூன்று விதமான சரக்கு வரும். ஒன்று, வேஷம் போட்ட பெருமை: "நான் எல்லாவற்றையும் நானே கச்சிதமாகச் செய்யப் பார்த்தேன்." இரண்டு, அடுத்தவர் தோல்வி: வாடிக்கையாளர் மனம் மாறினார், சந்தை விழுந்தது. மூன்று, தோற்ற மாதிரி தொடங்கிக் கடைசி வரியில் ஜெயித்துவிடும் கதை. இன்னொன்றும் உண்டு. தப்பு நடந்த இடத்தில் எல்லாம் "நாங்கள்", சரிசெய்த இடத்தில் எல்லாம் "நான்". நிறையக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவர் இதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்.

நல்ல கட்டுரை எப்படி அமைகிறது என்பதைப் பேச ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை. அவர் செய்யும் தொழிலில் நடப்பதோ நிஜம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் நிறுவனம். 28 வயது இன்ஜினீயர் ஒருவர் அங்கே உற்பத்தி மேலாளர். ஐரோப்பியப் பையர் ஒருவருக்கு 12,000 நேவி ப்ளூ டி-ஷர்ட் போக வேண்டும். துணி சாய ஆலையிலிருந்து இரண்டு லாட்டாக வந்திருக்கிறது. ஒரே நிறம்தான் என்றாலும் இரண்டு முறை சாயம் ஏற்றிய துணி அச்சாக ஒரே மாதிரி வருவது அபூர்வம். கட்டிங் மாஸ்டர் இரண்டையும் மேஜையில் விரித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்: "சார், ரெண்டு லாட்டும் ஒட்டலைங்க. தனித்தனியா வெட்டிப் பண்டல் கட்டிக்கலாமுங்க." தனித்தனியாக வெட்டினால் அரை நாள் கூடப் பிடிக்கும். ஏற்கெனவே நான்கு நாள் தாமதம். மேலாளர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "வெயில்ல பாத்தா அப்படித்தான் தெரியும் மாஸ்டர். லைன் காத்துட்டிருக்கு, ஓட்டுங்க" என்கிறார். மாஸ்டர் போய் ஓட்டுகிறார்.

ஒரு லாட்டின் உடம்பும் இன்னொரு லாட்டின் கையும் ஒரே சட்டையில் சேர்ந்து தைக்கப்படுகின்றன. பையரின் ஆய்வாளர் வருகிறார். உடைத் தொழிலில் பரவலாகப் புழங்கும் ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலின்படி, 12,000 பீஸில் 315 பீஸை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறை 14 பீஸ் வரை இருந்தால் சரக்கு தேறும். 15 ஆனால் மொத்தமும் தள்ளுபடி. இங்கே ஷேட் மாறிய பீஸ் மட்டும் 38. அத்தனை பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு பீஸாகப் பார்த்து, கெட்டதைக் கழித்து மறுபடி தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது. அந்த ஆர்டரின் லாபம் விமானக் கூலிக்கே சரியாகிவிட்டது.

இவர் எழுதும் முதல் பிரதி பெரும்பாலும் இப்படி இருக்கும்: கால நெருக்கடியில் தரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை, தகவல் தொடர்பு எவ்வளவு அவசியம் என்று கற்றுக்கொண்டேன், அதன்பின் எல்லா ரோலிலிருந்தும் துண்டு வெட்டி ஒன்றாகத் தைத்துப் பார்க்கும் ஷேட் பேண்ட் முறையைக் கட்டாயமாக்கினேன், ஷேட் புகாரே இப்போது இல்லை.

இதில் பொய் இல்லை. நடவடிக்கையும் உருப்படியானதுதான். ஆனாலும் இது தரக்கட்டுப்பாட்டுத் தோல்வியைப் பற்றிய கட்டுரை. கேட்டது தலைமைத் தோல்வியை. ஷேட் மாறியது தகவல் கிடைக்காததால் நடக்கவில்லை. துணி மேஜையில் கிடந்தபோதே தகவல் வந்துவிட்டது, அதுவும் கம்பெனியிலேயே துணியை நன்றாகத் தெரிந்த மனிதரின் வாயிலிருந்து.

ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிறிஸ் ஆர்ஜிரிஸ் 1991-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், புத்திசாலிகளுக்குக் கற்கக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கவனித்தது மேலாண்மை ஆலோசகர்களை. நன்றாகப் படித்தவர்கள், அதிகம் தோற்காதவர்கள். தோற்றுப் பழக்கம் இல்லாததால், ஒன்று தவறிப்போனதும் வாடிக்கையாளரையும் மேலாளரையும் கைகாட்டித் தங்களைக் காத்துக்கொண்டார்கள் என்கிறார். கற்பதில் இரண்டு வகை உண்டு என்பதற்கு அவர் தந்த உதாரணம் அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஹீட்டரைப் போட்டுவிடுவது முதல் வகை. "எனக்கு ஏன் 68 என்று வைத்திருக்கிறார்கள்?" என்று அது கேட்க முடிந்தால் இரண்டாவது வகை. ஷேட் பேண்ட் முறை முதல் வகையைச் சேர்ந்தது. சேர்க்கைக் குழு தேடுவது இரண்டாவதை.

அங்கே போய்ச் சேர நம் மேலாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி சின்னதுதான். மாஸ்டர் ஏன் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்?

யோசித்தால் பதில் கிடைக்கிறது. அதற்கு முந்தைய மாதம் இதே மாஸ்டர் துணியில் ஏதோ பிசகு என்று கட்டிங்கை நிறுத்தியிருந்தார். பார்த்தால் ஒன்றுமில்லை. "உங்களால ஒரு ஷிப்ட் போச்சு மாஸ்டர்" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி மேலாளர் சத்தம் போட்டார். அன்றிலிருந்து மாஸ்டர் எதையும் ஒரு முறைதான் சொல்வார், பொறுப்பைத் தட்டிக்கழித்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. லைனை ஓடவைப்பவன்தான் நல்ல மேலாளர், நிறுத்தச் சொல்பவர் முட்டுக்கட்டை என்ற நம்பிக்கை மேலாளருக்குள் இருந்தது. அது யாரும் எழுதிவைத்த விதி அல்ல. ஆனாலும் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கட்டுரையின் கனம் இந்தப் பத்தியில் இருக்கிறது. 200 சொற்களில் சம்பவத்துக்கு 60, 70 போதும். ஏ.க்யூ.எல். கணக்கையும் விமானக் கூலியையும் விவரித்துக்கொண்டிருந்தால் இதற்கு இடம் இருக்காது. எவ்வளவு பணம் போனது என்பது தோல்வியின் அளவைக் காட்டும். காரணத்தை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது மாற்றம். மிகப் பலர் சறுக்குவது இங்கேதான். "இப்போது எல்லோர் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்கிறேன்" என்று எழுதுவார்கள். ஆர்ஜிரிஸே இன்னொரு வேறுபாட்டையும் வற்புறுத்தினார்: மனிதர்கள் தாங்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் கொள்கை ஒன்று, நடக்கும்போது அவர்களை ஆட்டிவைப்பது வேறொன்று. காதுகொடுத்துக் கேட்பேன் என்பது முதல் ரகம். இரண்டாவதைக் காட்ட வேண்டுமானால் இன்னொரு சம்பவம் வேண்டும், தேதியோடும் ஆளோடும்.

கொஞ்சம் கெட்டிக்காரர்கள் இரண்டாவது சம்பவத்தையும் எழுதுவார்கள்: அடுத்த முறை மாஸ்டர் எச்சரித்தார், கேட்டேன், பெரிய நஷ்டம் தப்பியது. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை. எச்சரிக்கை சரியாக இருந்துவிட்டால் கேட்டதற்கு லாபம் கிடைத்துவிடுகிறது. அதில் மாறிய மனிதரைத் தனியாகப் பார்க்க முடியாது. எச்சரிக்கை தப்பாகிப்போன நாள்தான் சரியான சோதனை.

நம் மேலாளருக்கு அப்படி ஒரு நாள் கிடைக்கிறது. சில மாதங்கள் கழித்து, செக்கிங் பிரிவில் ஒரு பெண் தோள் தையலில் ஊசி ஓட்டை விழுவதுபோல் தெரிகிறது என்கிறார். பின்னல் துணியில் மழுங்கிய ஊசி இழையை அறுத்துவிட்டால் தைத்தவுடன் சட்டென்று கண்ணில் படாது. துவைத்த பிறகு வாயைத் திறக்கும். மேலாளர் இடத்தை விட்டு எழுந்து போய்ப் பார்க்கிறார். லைனை நிறுத்துகிறார். சில பீஸ்களைத் துவைத்துக் காயவைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம் போகிறது. ஓட்டை எதுவும் இல்லை. அன்றைய டார்கெட் விழுகிறது. லைன் முழுக்கக் கேட்கும்படி அவர் சொல்கிறார்: "நிறுத்தச் சொன்னது சரிதான்க்கா. நாளைக்கும் சந்தேகம் வந்தா சொல்லுங்க." முதலாளி கேட்டபோது, "நான்தான் நிறுத்தினேன்" என்கிறார்.

முன்பு மாஸ்டர் மேல் சத்தம் போட்ட அதே லைன். நிறுத்தச் சொன்ன காரணம் முன்புபோலவே பொய்த்துப்போனது. இந்த முறை அதற்கான விலையை மேலாளர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். இதற்கு ஐம்பது சொல் போதும். உறவு என்ன ஆனது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மாஸ்டர் உடனே மனம் மாறிவிட்டார் என்று எழுத வேண்டியதில்லை. இப்போது அவர் சில சமயம் இரண்டாம் தடவையும் வந்து சொல்கிறார் என்றால் போதும். அதற்கு மேல் எழுதினால் மிகையாகிவிடும்.

இப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை என்றால் இந்தத் தோல்வியைக் கட்டுரைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. விண்ணப்பக் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பு நடந்த தவற்றிலிருந்து நடத்தை மாறியதைக் காட்ட முடியாது, ஏனென்றால் மாறுவதற்கு நாளே இல்லை. ஓரிரு ஆண்டுகள் பழைய தோல்வியே உகந்தது. பொய்க் கணக்கு, ஏமாற்று போன்றவை இந்தக் கேள்விக்குள் அடங்காது. அங்கே கேட்கப்படுவது தலைமைப் பண்பு அல்ல, நாணயம்.

கற்பனையாக ஒரு சம்பவத்தைச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று சிலர் நினைப்பது உண்டு. கட்டுரையை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் நேர்முகத்தில் கேள்விகள் கீழே கீழே இறங்கும். அந்தப் பெண் சொன்னபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? டார்கெட் எவ்வளவு குறைந்தது? முதலாளி அதற்கு என்ன சொன்னார்? நடந்ததைச் சொல்பவர் நிதானமாக நினைவுபடுத்திச் சொல்வார். இட்டுக்கட்டியவர் மறுபடியும் கொள்கைப் பேச்சுக்குப் போய்விடுவார்.

அதோடு, பல பள்ளிகள் ஏற்கும் பொதுப் பரிந்துரைக் கடிதப் படிவத்தில் விண்ணப்பதாரரின் மேலதிகாரிக்கும் ஒரு கேள்வி உண்டு: இவரைத் திருத்த நீங்கள் சொன்ன மிக முக்கியமான கருத்து எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? மேலதிகாரி அதே ஷேட் கதையைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. "ஆட்களைப் பேசவிடாமல் அவசரப்படுத்துவார், போன வருஷத்திலிருந்து அது குறைந்திருக்கிறது" என்று வேறொரு சம்பவத்தை வைத்து எழுதினாலும் கட்டுரைக்கு அது சாட்சிதான். "கூச்ச சுபாவம், தைரியமாக முடிவெடுக்க மாட்டார்" என்று அவர் எழுதியிருந்தால், இரண்டு தாளும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும்.