ஒரு வரியில் உங்கள் படம்

குறும்படத்தை விழாவுக்கு அனுப்பும்போது கூடவே மூன்று எழுத்துகள் கேட்பார்கள்: லாக்லைன், கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு. பலர் ஒரே விஷயத்தை மூன்று நீளங்களில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு கற்பனைப் படம். பூ கட்டியே விரல்ரேகை தேய்ந்துபோன பாட்டி. ரேஷன் கடைக் கருவி அவர் கையை ஏற்க மறுக்கிறது. "முதுமையின் வலியைச் சொல்லும் படம்" என்று எழுதினால் அது லாக்லைன் ஆகாது. ஆயிரம் படங்களுக்கு அது பொருந்தும். "விரல்ரேகை தேய்ந்த பாட்டி, மாதம் முடிவதற்குள் அரிசி வாங்க, கார்டில் இன்னும் பெயர் இருக்கும், சண்டை போட்டுப் பிரிந்த மருமகளைத் தேடிப் போகிறார்." யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, எவ்வளவு அவகாசம் என நான்கும் இதில் உண்டு. முடிவு மட்டும் இல்லை.

கதைச்சுருக்கத்தை இரண்டாக எழுதி வைப்பது நல்லது. விழாக் கையேட்டில் அச்சாகும் சிறியதில் முடிவு வேண்டாம். தேர்வுக்குழுவுக்கான நீண்டதில் மருமகள் வந்தாளா என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "விடை படத்தில்" என்ற விளையாட்டு அங்கே எடுபடாது.

இயக்குநர் குறிப்பில் கதையே வேண்டாம். அந்தக் கைகளை எங்கே பார்த்தீர்கள், கேமரா ஏன் பாட்டியின் தோளைவிட்டு நகரவில்லை என்று எழுதுங்கள். "சிறுவயது முதலே சினிமா ஆசை" என்ற வரியை அடித்துவிடலாம்.

எழுதும் முன் நீளத்தைச் சரிபாருங்கள்: கான் குறும்படப் போட்டிக்கு, டைட்டில்களும் சேர்த்து 15 நிமிடம்தான் உச்சவரம்பு.