லினோகட் என்று எழுதினால் போதுமா?

புத்தக அட்டைக்கோ கதைக்கோ படம் வரையச் சொல்லும்போது இப்போதெல்லாம் ஒரு ரெஃபரன்ஸ் படத்தையும் சேர்த்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கீழே ஒரு வரி: ‘வாட்டர்கலர் ஸ்டைலில் வேண்டும்’ அல்லது ‘லினோகட் மாதிரி’. ஓவியர் பெரும்பாலும் டிஜிட்டலில்தான் வரைகிறார். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த வரியைத்தான் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். அவருடைய மென்பொருளில் பிரஷ்கள் அந்தப் பெயர்களில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. வரி தவறினால், நல்ல ஓவியரிடமிருந்தும் வேறு படம்தான் வரும்.

லினோகட், ஆயில், வாட்டர்கலர் என்பவை செய்முறையின் பெயர்கள். ஒவ்வொரு செய்முறையும் தாளில் தன் தடயத்தை விட்டுப்போகும். ரெஃபரன்ஸ் படத்தில் அந்தத் தடயம் எது என்று கண்டுபிடித்துவிட்டால், எழுத வேண்டிய சொல் தானாக வந்துவிடும்.

எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கக்கூடிய ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். தண்டி யாத்திரை நடந்த 1930ஆம் ஆண்டில் சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் செய்த காந்தி படம். கையில் தடியோடு நடந்துபோகும் உருவம், கறுப்புப் பின்புலம், அதில் வெள்ளைக் கோடுகள். விடுதலைப் போராட்டம் பற்றிய ஒரு நூலுக்கு இதே பாணியில் அட்டை வேண்டும் என்று ஒரு பதிப்பாளர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘லினோகட் ஸ்டைல்’ என்று எழுதி அனுப்புகிறார். சொல் சரிதான், அது லினோகட்தான். ஆனாலும் திரும்பி வரும் படம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புக் கோட்டில் ஓர் உருவம், அதன் மேல் முழுக்க ஒரே சீராகத் தூவிய புள்ளிகள். பார்த்தவுடனே ஏதோ பொய்யாகத் தெரியும். ஏன் என்று சொல்ல வராது.

லினோலியம் என்பது தரைவிரிப்புக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள். ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள் முதலியவற்றைக் கலந்து சணல் துணியின் மேல் படியவைத்துச் செய்வது. லேசாகச் சூடாக்கினால் மெழுகுபோல் வெட்டுப்படும். அதில் உளியால் செதுக்கி, ரோலரால் மை பூசி, தாளை வைத்து அழுத்தினால் படம் விழும். செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். செதுக்காமல் விட்ட இடம்தான் கறுப்பு. இதிலிருந்து ஒன்று புரியும். வெள்ளைக் கோடு வேண்டுமானால் உளியை ஒரு தரம் ஓட்டினால் போதும். கறுப்புக் கோடு வேண்டுமானால் அதன் இரு பக்கமும் இருப்பதையெல்லாம் செதுக்கித் தள்ள வேண்டும். ஆகவே லினோகட் கலைஞனின் கை இயல்பாகவே இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் போகும். நந்தலால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கறுப்புக் கோட்டில் வரைந்து அனுப்பியவர் பாணியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது கோட்டின் முனை. V வடிவ உளி தகட்டில் இறங்கும்போது கோடு மெல்லியதாகத் தொடங்கும். ஆழம் கூடக் கூட அகலமாகும். உளியை மேலே தூக்கும்போது மறுபடி கூர்மையாகும். பேனாவில் இழுத்த, இரண்டு முனையும் உருண்ட கோடு லினோவில் வராது. மூன்றாவது, மிச்சக் கீற்றுகள். பெரிய பரப்பைச் செதுக்கி எடுக்கும்போது உளி போன வழியில் இடையிடையே மெல்லிய வரப்புகள் நின்றுவிடும். ரோலர் அவற்றின் உச்சியைத் தொட்டுவிட்டால் வெள்ளைப் பகுதியில் சின்னச் சின்னக் கறுப்புக் கீற்றுகள் விழும். அவை எல்லாம் உளி ஓடிய திசையிலேயே சாய்ந்திருக்கும். கறுப்புப் பகுதியில் கீற்று இருக்காது; மை போதாத இடங்களில் பொடிப் பொடி வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரியும். வெள்ளையில் ஒரு குறை, கறுப்பில் வேறொரு குறை. இரண்டின் மேலும் ஒரே புள்ளியைத் தூவியதால்தான் அந்த டிஜிட்டல் படம் பொய்யாகத் தெரிந்தது.

மரத்தில் செதுக்கிய அச்சையும் பலர் லினோகட் என்றே சொல்லிவிடுகிறார்கள். கறுப்புப் பகுதியை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பலகையின் ரேகைகள் அங்கே இணைகோடுகளாக விழுந்திருக்கும், வளைவுகள் சற்று முரண்டு பிடித்திருக்கும். லினோவுக்கு ரேகை கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உளி வழுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே அந்தப் பதிப்பாளர் எழுத வேண்டியிருந்தது ஏறத்தாழ இது:

‘ஒரே மையில் அடித்த லினோகட். கறுப்புத் தளம், வெள்ளைக் கோடு. கோடுகள் உளியால் வெட்டியவை, முனை கூர்மையாக முடிய வேண்டும். சாம்பல் நிறமும் நிழல் பூச்சும் வேண்டாம். செதுக்கிய பகுதிகளில் உளி போன திசையில் சில கீற்றுகள் இருக்கலாம். படம் முழுக்க டெக்ஸ்சர் போட வேண்டாம்.’

ஒரு செய்முறையின் பெயர், பிறகு அதன் இரண்டு மூன்று தடயங்கள், பிறகு வேண்டாதது. இதற்கு மேல் நீட்டினால் ஓவியருக்குக் கை கட்டிப்போகும். லினோகட், வின்டேஜ், ஸ்கிரீன் பிரிண்ட் என்று மூன்று பெயரை ஒரே வரியில் அடுக்குவது அதைவிட மோசம். அவர் எதை விடுவார், எதை எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது.

லினோகட்டில் சொல் சரியாக இருந்தும் போதவில்லை. ஃபிளாட் வெக்டர் விஷயத்தில் சொல்லே தவறிப்போகிறது. தட்டையான நிறம், தெளிவான விளிம்பு, நிழல் இல்லை என்றால் உடனே ‘ஃபிளாட் வெக்டர்’ என்று எழுதிவிடுகிறோம். வங்காளத்து ஜாமினி ராயின் ஓவியங்களை ரெஃபரன்ஸாகக் கொடுத்து அப்படி எழுதினால் என்ன வரும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய மீன் கண்கள், கெட்டியான வெளிக்கோடு, செங்காவியும் மஞ்சளுமாகத் தட்டையான நிறங்கள். எல்லா அடையாளமும் பொருந்துவதுபோல்தான் இருக்கும். ஆனால் வெக்டர் என்பது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் வளைவுகளையும் கணக்காக எழுதிவைக்கும் கோப்பு முறை. அதில் கோட்டின் தடிமன், தனியாக மாற்றினால் ஒழிய, முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான். இடது கண்ணை நகலெடுத்துத் திருப்பி வலது கண்ணாக வைத்துவிடலாம். ஜாமினி ராய் வரைந்தது டெம்பராவில், காளிகாட் பட ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட தூரிகைக் கோட்டில். அந்தக் கோடு தோளில் தடித்து முழங்கையில் மெலியும். நிறம் ஒளி ஊடுருவாத, பளபளப்பில்லாத பூச்சு. உற்றுப் பார்த்தால் தூரிகை போன தடம் லேசாகத் தெரியும். ‘டெம்பரா, மேட் பூச்சு, மண் நிறங்கள், தடித்து மெலியும் தூரிகைக் கோடு’ என்று எழுதினால் கிட்டத்தட்ட வந்துவிடும். ‘வெக்டர்’ என்றால் மொபைல் செயலியின் விளம்பரத்தில் வரும் பொம்மை வரும்.

வெக்டரைக் குறை சொல்வதற்கில்லை. விசிட்டிங் கார்டிலும் வர வேண்டும், பேருந்தின் பக்கவாட்டிலும் வர வேண்டும் என்றால் அதுதான் சரி. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. ஆனால் வெக்டர் என்று மட்டும் சொன்னால் கோப்பின் வகைதான் தெரியும், தோற்றம் தெரியாது. நிறம் மெல்ல மாறும் பூச்சும் வெக்டரில் போடலாம். தட்டையாக வேண்டுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாட்டர்கலரில் வரும் தொல்லை, ஒரே பெயருக்குள் பல தோற்றங்கள் இருப்பது. இன்று அந்தச் சொல்லுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்தில் சிதறிய திவலைகளும் வழிந்த நிறமும்தான். எனக்கு அது சலித்துவிட்டது. வாட்டர்கலரின் அடிப்படை அடையாளம் சிதறல் இல்லை, வெள்ளை. வெள்ளைப் பூச்சுக்குப் பதில் தாளின் வெள்ளையையே விட்டுவைத்து, மெல்லிய நிறங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவார்கள். ஈரம் காயும்போது நிறத்துகள் ஓரத்துக்கு ஒதுங்குவதால் விளிம்பு மட்டும் கொஞ்சம் அடர்ந்து நிற்கும். இந்த அடர்ந்த விளிம்பு எல்லா வாட்டர்கலரிலும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவனீந்திரநாத் தாகூரின் ‘பாரத மாதா’வும் (1905) வாட்டர்கலர்தான். யோகோயாமா தாய்க்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரு ஜப்பானிய ஓவியர்கள் 1903இல் கல்கத்தா வந்தபோது பழகிய முறையை அவர் தன் வழியில் மாற்றிக்கொண்டார். நிறம் பூசுவார், தாளை நீரில் நனைப்பார், மறுபடி பூசுவார். விளிம்புகள் கரைந்து, படம் முழுக்க ஒரு பனிமூட்டம் படிந்துவிடும். இதை ரெஃபரன்ஸாக வைத்து வெறுமனே ‘வாட்டர்கலர்’ என்று எழுதினால் திவலைதான் வரும். ‘வாஷ் முறை, விளிம்பு கரைய வேண்டும், சிதறல் வேண்டாம்’ என்று எழுத வேண்டும். வாரப் பத்திரிகைக் கதைப் படங்களில் பேனா மையில் உருவத்தை வரைந்து உள்ளே நிறம் பூசியிருப்பார்கள். அங்கே படத்தைத் தாங்குவது கோடுதான், ஆகவே கோட்டை முதலில் சொல்லி வாட்டர்கலரைப் பிறகு சொல்ல வேண்டும்.

ஆயிலுக்கு வந்தால், நம் வீடுகளில் ‘ரவிவர்மா ஆயில் பெயின்டிங்’ என்று மாட்டியிருப்பது பெரும்பாலும் ஆயில் இல்லை. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலும் பிறகு மற்ற அச்சகங்களிலும் கல் அச்சில், நிறத்துக்கு ஒரு கல்லாக அடித்த ஓலியோகிராஃபோ, அதன் மறு அச்சோதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தோலின் நிறம் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். லட்சுமி, சரஸ்வதி படங்களின் அந்தப் பழைய சாயல்தான் வேண்டும் என்றால் ‘ஓலியோகிராஃப்’ என்றே எழுதலாம். ஆயில் என்றால் பூச்சு புடைத்து நிற்கும் தூரிகைத் தடங்களோடு வேறொரு படம் வந்து நிற்கும்.

இத்தனை தடயங்களையும் பார்ப்பதற்கு ரெஃபரன்ஸ் படம் ஒழுங்காக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தில் லினோவின் கீற்றும் இருக்காது, ஆயிலின் புடைப்பும் இருக்காது. எல்லாமே ஃபிளாட் வெக்டர்போல்தான் தெரியும். அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் பெரிய அளவுப் படம் கிடைக்கிறதா என்று தேடி, ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். படத்தின் கீழ் மீடியம் எது என்று அவர்களே எழுதியும் இருப்பார்கள்.

ஓவியரிடமிருந்து முதல் படம் வந்ததும் அதையும் அப்படியே பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். லினோகட் அட்டையானால் தலைப்பு எழுத்துகளில் கண் வையுங்கள். படம் முழுக்க உளி ஓடியிருக்க, எழுத்து மட்டும் கணினி ஃபான்ட்டில் வழுவழுவென்று உட்கார்ந்திருந்தால் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். எழுத்தையும் செதுக்கியதுபோல் வரையச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தின் சுழிகள் லினோவில் நன்றாகவே வரும். அதற்கு நேரமில்லை என்றால் தலைப்பைப் படத்தின் மேல் ஏற்றாமல், தனிப் பட்டையில் அதே கறுப்பில் அச்சிடச் சொல்லிவிடலாம்.