விட்டுப்போன மறுநாள்

முப்பது நாள் விடாமல் காலையில் நடந்த ஒருவர், முப்பத்தோராம் நாள் காய்ச்சலில் படுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். அதில் இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்று 0 என்று காட்டுகிறது. மற்றது 76 விழுக்காடு என்று காட்டுகிறது. ஆள் ஒருவர்தான், விட்டதும் ஒரே நாள்தான். ஆனாலும் ஒன்று அவரைத் தொடங்கிய இடத்துக்கே தள்ளிவிட்டது. மற்றது, கொஞ்சம் பின்தங்கினாய், அவ்வளவுதான் என்கிறது.

காலைப் பழக்கங்களைக் குறித்துவைக்க உதவும் செயலிகள் ஏராளம். வண்ணம், படம், கட்டணம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அது என்ன சொல்கிறது என்பதைத்தான். நினைவூட்டலும் எளிமையும் அதற்குப் பிறகு வருபவை.

அந்த 0 எங்கிருந்து வந்தது? தொடர்ந்து எத்தனை நாள் செய்தோம் என்று எண்ணுவதை இந்தச் செயலிகள் ‘ஸ்ட்ரீக்’ என்கின்றன. ஐபோனில் பெயர்பெற்ற ஒரு செயலிக்குப் பெயரே ‘ஸ்ட்ரீக்ஸ்’. 2016இல் ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு விருதைப் பெற்றது. திரையில் சில வட்டங்கள் மட்டும் இருக்கும். செய்து முடித்ததும் வட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் அது நிறைந்துவிடும். தொடக்கத்தில் அதில் ஆறு பழக்கங்களுக்குத்தான் இடம் இருந்தது, பிற்பாடு கூட்டினார்கள். அந்த ஆறு என்ற வரம்பு நல்ல யோசனை. காலையில் ஒரே மூச்சில் பதினைந்து பழக்கங்களைத் தொடங்குபவருக்கு ஒரு மாதம் கழித்து ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சங்கிலியை அறுக்காதே என்னும் இந்த யோசனையை அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெரி சைன்ஃபெல்டின் தலையில் கட்டுவது வழக்கம். தினமும் எழுதியதும் சுவர் நாட்காட்டியில் சிவப்பு எக்ஸ் போடுவார் என்ற கதை 2007இல் இணையத்தில் பரவியது. 2014இல் அவரிடமே கேட்டார்கள். அது தன்னுடைய யோசனை அல்ல என்று சொல்லிவிட்டார். ஆனாலும் யோசனை வேலை செய்கிறது. எண் ஏற ஏற, அதை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

அதே எண்தான் அறுந்த நாளில் எதிரியாகவும் மாறுகிறது. தொடர் அறுந்துபோனதைச் செயலி எடுத்துக்காட்டும்போது, மக்கள் அந்தச் செயலையே தொடராமல் விடும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜாக்கி சில்வர்மேன், அலிக்சாண்ட்ரா பராஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முப்பது நாள் நடந்த கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது எண் மட்டும்தான். ஆனால் அதோடு நடையும் போய்விடுகிறது.

உண்மையில் ஒரு நாள் விட்டால் பழக்கத்துக்கு என்ன ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு தம்ளர் தண்ணீர், இரவு உணவுக்கு முன் சிறிது ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு சிறு செயல். யோசிக்காமலே அது நடக்கும் நிலை எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. நடுவாந்திரமாக 66 நாள் என்று விடை வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள். ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால், இந்த 254 வரைகோட்டை நீட்டிக் கணக்கிட்ட எண். 66ஐ மட்டும் எடுத்துச் சொல்லும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் ஊன்றுவதைக் குறிப்பிடும்படி பாதிப்பதில்லை.

இந்த உண்மைக்கு நெருக்கமாகக் கணக்குப் போடுவது, ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் ‘லூப் ஹேபிட் டிராக்கர்’. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இணையமும் தேவையில்லை. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். முதலில் சொன்ன 76 விழுக்காடு அதன் கணக்கில் வருவதுதான்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது கடினமில்லை. தினமும் செய்யும் பழக்கத்துக்குப் பூஜ்யத்தில் தொடங்கி 13 நாள் விடாமல் செய்தால் மதிப்பெண் 50 ஆகிறது. அடுத்த 13 நாளில் மீதி இடைவெளியில் பாதி கூடி 75 ஆகிறது. முப்பதாம் நாள் கிட்டத்தட்ட 80. அறுபதாம் நாள் 96. தொடக்கத்தில் வேகமாக ஏறி, மேலே போகப்போக மெதுவாகும். நமக்குக் காய்ச்சல் வந்த அந்த ஒரு நாளில் 80 என்பது 76 ஆகக் குறைகிறது. மறுநாள் முதல் நடந்தால் 77, 78, 79 என்று ஏறி நான்காம் நாள் மீண்டும் 80ஐத் தொட்டுவிடும். ஒரு நாள் விட்டதற்கு நான்கு நாள் நடை. நியாயமான விலைதான். ஒரு வாரம் முழுக்க விட்டால் 55 வரை இறங்கும். விட்டதை அது மறைப்பதில்லை.

தொடர் எண்ணிக்கையும் லூப்பில் உண்டு, ஆனால் பழக்கத்தைத் திறந்து உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அமைப்புகளில் ‘விடுப்பு நாள்’ வசதியை இயக்கிவைத்தால், காய்ச்சல் நாளை அப்படிக் குறித்துக்கொள்ளலாம். அப்போது மதிப்பெண் மாறாது, தொடரும் அறாது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சோம்பலையும் விடுப்பாகக் குறித்துக்கொண்டே போனால் எண் உயரத்திலேயே நிற்கும். மாதத்தில் மூன்று நான்குக்கு மேல் விடுப்பு தெரிந்தால், இலக்கைத் தினமும் என்பதிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள் என்று மாற்றிக்கொள்வது நேர்மையானது.

அடுத்து நினைவூட்டல். பலரும் ஆறு மணிக்கு ஒரு நினைவூட்டலை வைத்துவிட்டு அதை நம்பி எழுகிறார்கள். அதே லண்டன் கல்லூரியில் கத்தார்சினா ஸ்டவார்ஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் 115 பழக்கச் செயலிகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை குறித்துவைப்பதையும் நினைவூட்டுவதையும் மட்டுமே செய்தன. பிறகு நான்கு வாரம் ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். நினைவூட்டல் வந்தவர்கள் செயலைக் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் அது தானாக நடக்கும் பழக்கமாக மாறுவது தடைப்பட்டது. ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு புதியதை முடிச்சுப்போட்டவர்களுக்குத்தான் அது ஊன்றியது. காரணம் எளிது. கைபேசி கூப்பிடும் என்று தெரிந்தால் மூளை அந்த வேலையை அதனிடமே விட்டுவிடுகிறது. கூப்பிடாத நாளில் ஒன்றும் நடப்பதில்லை.

ஆகவே நினைவூட்டலை வைக்க வேண்டிய இடம் வேறு. நம் நடைக்காரர் தினமும் ஆறே கால் மணிக்குக் காபி குடிக்கிறார் என்போம். தம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இருபது நிமிட நடை. கழுவிய தம்ளர்தான் அவருக்கு மணி. லூப்பில் ஒரு பழக்கத்தைச் சேர்க்கும்போது பெயருக்குக் கீழே ஒரு கேள்வி எழுத இடம் இருக்கும். அந்தக் கேள்விதான் நினைவூட்டலில் வந்து நிற்கும். அங்கே “தம்ளர் கழுவினதும் நடந்தாச்சா?” என்று தமிழிலேயே எழுதி, நேரத்தை ஏழே கால் என்று வைக்கலாம். ஆறரைக்கு அல்ல, நடந்து முடிந்த பிறகு. அது செய்யச் சொல்லும் மணி அல்ல, செய்தாயா என்று கேட்கும் மணி. விட்டுப்போயிருந்தால் பத்து நிமிடமாவது நடக்க இன்னும் நேரம் இருக்கும்.

நினைவூட்டல் வராமலே போவதும் உண்டு. ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு அனுப்ப ஒவ்வொரு செயலிக்கும் நாம் அனுமதி தர வேண்டும். முதல் நாள் அவசரத்தில் மறுத்துவிட்டு மறந்துபோகிறார்கள். இன்னொன்று, சில கைபேசிகள் பேட்டரியை மிச்சப்படுத்த, பயன்படாமல் இருக்கும் செயலிகளை இரவில் நிறுத்திவைக்கும். மாலையில் ஐந்து நிமிடம் தள்ளி வைத்துச் சோதித்தால் ஒழுங்காக வரும். காலையில் வராது. சோதனையை இரவு தூக்கத்தைத் தாண்டி வைக்க வேண்டும். வராவிட்டால் கைபேசியின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும்.

எளிமை என்பதற்குக் காலை வேளையில் ஒரே அளவுகோல்தான்: எத்தனை முறை தொட வேண்டும்? குறிக்கப் போய்க் கைபேசியைத் திறந்தால் வாட்ஸ்அப் வழியில் நிற்கிறது. லூப்பின் அறிவிப்பிலேயே ‘ஆம்’, ‘இல்லை’, ‘பிறகு’ என்று பொத்தான்கள் இருக்கும். செயலிக்குள் போகவே வேண்டாம். ஸ்ட்ரீக்ஸ், ஆப்பிள் கடிகாரத்திலும் வேலை செய்கிறது. நடையைப் பதிவுசெய்யும் ஆரோக்கியச் செயலியிலிருந்து தானே எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு குறித்தும்விடும். ஐபோன்காரர்களுக்கு இது பெரிய வசதி. லூப் ஐபோனுக்கு இல்லை.

எளிமைக்கு நேரெதிர் ‘ஹாபிட்டிகா’. 2013இல் வேறு பெயரில் வந்த இது, வாழ்க்கையை விளையாட்டாக்குகிறது. செய்தால் பொற்காசு. தினக் கடமையை விட்டால் நம் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி குறையும். நண்பர்களோடு சேர்ந்து ஓர் அரக்கனை எதிர்க்கும்போது நாம் விட்ட கடமைக்கு அவர்களுக்கும் அடி விழும். கல்லூரி விடுதியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து எழ முயன்றால் இது நன்றாகவே வேலை செய்யும். தனியாக இருபது நிமிடம் நடக்க நினைப்பவருக்கு இவ்வளவு ஆயுதம் தேவையில்லை. விளையாட்டைப் பராமரிப்பதே இன்னொரு காலை வேலையாகிவிடும்.

எந்தச் செயலியிலும் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. நடக்காமலே, எண் போய்விடக் கூடாதே என்று இரவு பதினொன்றே முக்காலுக்கு ஆம் என்று குறிக்கத் தொடங்கினால், அந்த எண்ணிக்கை உதவுவதை நிறுத்திவிட்டது. அன்றே தொடர்நாள் எண்ணைக் கண்ணில் படாதபடி வைத்துவிட்டு, மதிப்பெண் காட்டும் ஒன்றுக்கு மாறுவது நல்லது.

இரண்டு மாதம் கழித்து நம் நடைக்காரர் ஏழே கால் நினைவூட்டலை ஒரு வாரம் அணைத்துப் பார்க்கலாம். ஆம் என்று குறிப்பதை மட்டும் முகப்புத் திரையின் சிறு கட்டத்தில் செய்துகொள்ளலாம். அந்த வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால், எந்த நாட்கள் என்று பார்க்க வேண்டும். ஞாயிறு மட்டும் விட்டிருந்தால், அன்று காபி எட்டு மணிக்கு, அதுவும் வேறொருவர் கையால் வந்திருக்கும். கழுவத் தம்ளர் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கு மட்டும் வேறொரு முடிச்சு தேட வேண்டும், நாளிதழை எடுக்க வாசலுக்குப் போவது மாதிரி.